வேலையை விட்டதும் பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

வணக்கம். எனக்கு 31 வயது. ஏழு வருட வேலையைக் குழந்தைக்காக விட்டிருக்கிறேன். நான்கு வருடம் கழித்துத் திரும்பப் போவதாக எண்ணம். பிஎஃப்பில் 2 லட்சத்து 80 ஆயிரம் இருக்கிறது. 'சும்மா கிடக்கும் பணம்தானே, கார் வாங்க முன்பணமாகக் கட்டலாம்' என்கிறார் கணவர். எடுக்கலாமா?
வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

எடுக்காதீர்கள். அந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை. வேலையை விட்ட பிறகும் 58 வயது வரை அதற்கு வட்டி சேரும். 2024-25க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். 8 சதவீதம் என்றே வைத்தாலும் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பணம் இரட்டிக்கும். உங்கள் 40 வயதில் 5.60 லட்சம், 49இல் 11.20, 58இல் 22.40 லட்சம். வேலையில் இல்லாத காலத்து வட்டிக்கு வரி உண்டு, விலைவாசியும் ஏறியிருக்கும். ஆகவே இன்றைய மதிப்பில் நான்கைந்து லட்சம் என்றே கொள்ளுங்கள். அப்படியும், ஒரு ரூபாய்கூடப் புதிதாகப் போடாமல் வருவது இது.

இதைவிட முக்கியமானது பென்ஷன் கணக்கு. முதலாளி கட்டும் பங்கில் ஒரு பகுதி தனியாக அங்கே போகிறது. மாதப் பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். உங்களுக்கு ஏழு ஆகிவிட்டது. அந்தத் தொகையையும் சேர்த்து எடுத்தால் ஏழு வருடமும் அழிந்துபோகும், மறுபடி வேலைக்குப் போகும்போது ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். குழந்தை, மாமியார் உடல்நலம், ஊர் மாற்றம் என்று விட்டுவிட்டு வேலை பார்க்கும் பெண்கள் பலருக்குப் பத்து வருடம் கூடாமலே போவது இதனால்தான். 15,000 ரூபாய் உச்சவரம்புச் சம்பளத்தில் பத்து வருடத்துக்கு மாதம் ஏறத்தாழ 2,140 ரூபாய் வரும். சிறிய தொகைதான், விலைவாசியோடு ஏறாது. ஆனால் உயிருள்ளவரை வரும். பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிடக் கூடுதல், கணவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். கடைசிப் பல வருடங்களைத் தனியாகக் கழிக்க நேரும்போது உங்கள் பெயரிலேயே வரும் பணத்தின் அருமை தெரியும்.

இந்த நான்கு வருடத்தில் பிஎஃப்பில் புதிதாக எதுவும் சேராது. அந்த ஓட்டையை அடைக்க உங்கள் பெயரில் பிபிஎஃப் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். கணவர் அதில் மாதம் 3,000 ரூபாய் போடட்டும். வீட்டையும் குழந்தையையும் நீங்கள் பார்ப்பதால்தான் அவர் சம்பளம் தடையில்லாமல் வருகிறது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

புது வேலையில் சேரும்போது பழைய UAN எண்ணையே கொடுங்கள், புதிது வாங்கிவிடாதீர்கள். ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்திருந்தால் அது பிஎஃப் பதிவோடு பொருந்தாது, பணத்தை மாற்றும்போது விண்ணப்பம் திரும்பி வரும். இப்போதே சரிசெய்யுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தால் அது இப்போது செல்லாது, அதையும் புதிதாகப் பதியுங்கள்.