கிணற்றுப் போட்டோவிலிருந்து தண்ணீரின் அளவைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டு உறைக்கிணற்றை மேலிருந்து போட்டோ எடுத்திருக்கிறேன். விட்டம் 4 அடி. நீர்மட்டமும் படத்தில் தெரிகிறது. எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கும்?

பதில்:

கணக்கிடலாம், ஆனால் படம் மட்டும் போதாது. தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைத்தான் படம் சொல்லும். எவ்வளவு ஆழத்துக்கு நிற்கிறது என்று சொல்லாது. அதற்குக் கிணற்றின் மொத்த ஆழம் தெரிய வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள்.

நீர்மட்டத்துக்கு நான் செய்வது இது. செல்பேசியைக் கிணற்றின் நடுவுக்கு நேர் மேலே, சாய்க்காமல் பிடித்துப் படம் எடுப்பேன். செல்பேசிக்கும் சுவர் விளிம்புக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்துகொள்வேன். எங்கள் கிணறும் 4 அடி விட்டம்தான். செல்பேசி விளிம்புக்கு 4 அடி மேலே இருந்தது. படத்தில் கிணற்றின் வாய் 2400 பிக்சல் அகலம், நீர்ப்பரப்பு 400 பிக்சல். மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம் என்பதால், ஆறில் ஒரு பங்காகத் தெரியும் தண்ணீர் ஆறு மடங்கு தொலைவில் இருக்கிறது. அதாவது செல்பேசியிலிருந்து 24 அடி, விளிம்பிலிருந்து 20 அடி.

இதில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். படத்தின் நடுவில் பளிச்சென்று தெரியும் வட்டத்தை நீர்ப்பரப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கிணற்று வாயும் வானமும் தண்ணீரில் பிரதிபலிப்பது. அசையாத தண்ணீரில் உறைகளும் அப்படியே தலைகீழாகத் தெரிவதால், சுவர் இன்னும் கீழே போவது போலவே இருக்கும். அந்த வட்டத்தை அளந்தால் நீர்மட்டம் சரியாக இரண்டு மடங்கு ஆழத்தில் வரும். எங்கள் கிணற்றில் 40 அடி என்று வந்திருக்கும். மொத்த ஆழமே 30 அடி! படம் எடுக்கும் முன் சிறு கல் ஒன்றைப் போடுங்கள். அலை போய் முட்டும் இடம்தான் தண்ணீரின் உண்மையான ஓரம். படத்தைப் பெரிதாக்கி, அந்த ஓரம்வரை எத்தனை உறைகள் என்று எண்ணி, ஓர் உறையின் உயரத்தால் பெருக்கியும் சரிபார்க்கலாம். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாவிட்டால் நான் உறைக் கணக்கையே நம்புவேன்.

30 அடியில் 20 போக நிற்கும் தண்ணீர் 10 அடி. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785 ஆல் பெருக்கினால் ஓர் அடி உயரத்துக்கான கன அடி கிடைக்கும்: 4 × 4 × 0.785 = 12.56. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகவே ஓர் அடித் தண்ணீர் ஏறக்குறைய 355 லிட்டர், 10 அடிக்கு 3,550 லிட்டர்.

நீங்கள் சொல்லும் 4 அடி உள்விட்டம்தானா என்று பாருங்கள். சுவரின் கனத்தையும் சேர்த்து நாலரை அடி என்று எடுத்துவிட்டால், விடை கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். மோட்டார் இருந்தால், ஃபுட் வால்வுக்குக் கீழே நிற்கும் தண்ணீரை அடிக்கு 355 லிட்டர் வீதம் கழித்துவிடுங்கள். அது மேலே ஏறாது.