திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவது

அன்புள்ள ஐயா,

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, மரக்கறி லொறி வரும் நேரத்தை எங்கள் தொடர்மாடியின் 42 வீடுகளுக்கும் அறிவிக்க ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். இன்றுவரை நான் ஒருத்திதான் அட்மின். இப்போது அதில் காலை வணக்கப் படங்களும் வாகனத் தரிப்பிடச் சண்டையும்தான். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி விலகிவிடலாமா? நாளும் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டியவர்கள், கோபிக்கக் கூடாது.

கௌ., வெள்ளவத்தை

அன்புள்ள கௌ.,

உடம்பைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்காதீர்கள். மறுநாள் காலிவீதியில் பையும் கையுமாக உங்களைக் காண்பவர்தான் உண்மையில் கோபிப்பார்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியது 'நான் ஒருத்திதான்' என்ற சொல். எங்கள் உறவினர் குழுவில் நானும் அப்படி ஒருவனாகத்தான் இருந்தேன். கலியாண அழைப்பிதழில் ஒரு பெயர் விடுபட்டதைப் பற்றிய சச்சரவு நள்ளிரவு தாண்டியும் ஓயாத ஓர் இரவில், ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியேறினேன். 2022இலிருந்து ஒருவர் விலகுவது அட்மின்களுக்கு மட்டுமே அறிவிக்கப்படுகிறது என்பதால், ஓசைப்படாமல் தப்பிவிட்டதாக ஒரு பெருமிதம் வேறு. இருந்த ஒரே அட்மினும் போய்விட்டால் மிஞ்சியவர்களில் ஒருவரை வாட்ஸ்அப் தானாகவே அட்மின் ஆக்கிவிடும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அது என் 81 வயதுப் பெரியம்மாவின் தலையில் விழுந்தது. அந்த வாரமே ஓர் உறவினரின் கணக்கு களவாடப்பட்டு, அதிலிருந்து எல்லோரிடமும் பணம் கேட்டுச் செய்தி வரத் தொடங்கியது. அந்த எண்ணை நீக்கும் அதிகாரம் பெரியம்மாவிடம் மட்டுமே இருந்தது. அவருக்கோ படம் பார்ப்பதற்கு மேல் எதுவும் தெரியாது. பேரன் வந்து நீக்குவதற்குள் மூன்று நாள் ஆயிற்று. நான் விலகியதை எவரும் குறையாகச் சொல்லவில்லை, பெரியம்மாவை அப்படி விட்டுவிட்டுப் போனதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

என் அப்பா ஊரில் சனசமூக நிலையத்துக்குச் செயலாளராக இருந்தவர். விலகிய அன்று கணக்குப் புத்தகத்தையும் அலுமாரித் திறப்பையும் புதியவரின் கையில் கொடுத்து, அவர் ஒரு தடவை பூட்டித் திறப்பதைப் பார்த்த பிறகுதான் சைக்கிளில் ஏறினார். ஏன் விலகுகிறார் என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நீங்களும் முதலில் இரண்டு பேரைத் தனியே கேட்டுச் சம்மதம் பெறுங்கள். ஒருவர் போதாது, அவர் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போனால் பாரம் திரும்பவும் உங்களிடமே வரும். சம்மதித்த பின் குழுவின் தகவற்பக்கத்தில் அவர்களுடைய பெயர்களை அழுத்தி, Make group admin என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு ஒரு மாதம், கை துறுதுறுத்தாலும், சும்மா இருங்கள். தண்ணீர்த் தாங்கி கழுவும் நாளை உங்களிடம் கேட்காமலே அவர்களில் ஒருவர் அறிவித்துவிட்டால், திறப்பு கைமாறிவிட்டது என்று பொருள்.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மற்ற அட்மின்களை Dismiss as admin என்று இறக்கிவிடலாம். குழுவைத் தொடங்கியவரை அப்படி இறக்க முடியாது, அவராக வெளியேறும்வரை அவர் அட்மின்தான். ஆகவே நீங்கள் ஒருமுறை வெளியேற, புதிய அட்மின் உங்களை உடனே மீண்டும் சேர்க்க வேண்டும். சேர்க்கப்பட்டீர்கள் என்ற வரி எல்லோருடைய திரையிலும் தோன்றும், 'கோபித்துக்கொண்டு போனவவைக் கூட்டிவந்துவிட்டார்கள்' என்று கதை கட்டவும் ஆள் இருக்கும். ஆதலால் வெளியேறுவதற்கு முதல் நாளே எழுதிவிடுங்கள்: 'நாளையிலிருந்து இவர்கள் இருவரும் குழுவைப் பார்த்துக்கொள்வார்கள். அட்மின் பொறுப்பை விடுவதற்காக நான் ஒருமுறை வெளியேறித் திரும்பி வருவேன்.' இவ்வளவே. களைப்பு, நேரமின்மை, மனவருத்தம் எதுவும் அதில் வர வேண்டாம். காரணம் எழுதினால் அதற்கு நாற்பது மறுமொழி வரும். தரிப்பிடச் சண்டை நடக்கும் நாளிலும் மரண அறிவித்தல் வந்த நாளிலும் இதைப் போடாதீர்கள்.

முழுதாக விலகுவது உங்களுக்குச் சரிவராது, லிஃப்ட் நிற்கும் செய்தியும் அங்கேதான் வரும். திரும்பி வந்ததும் குழுவை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். உங்கள் பெயரைக் குறித்து எழுதினாலோ உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ அன்றிக் கைபேசி ஒலிக்காது. அவசரமென்றால் பெயரைக் குறிக்கும்படி அந்த இருவரிடமும் சொல்லி வையுங்கள்.

காலை வணக்கப் படம் அனுப்புபவர்களைப் பற்றிச் சலித்துக்கொண்டீர்கள். பிள்ளைகள் கனடாவில் இருக்க, தனியே ஒரு வீட்டில் இருக்கும் யாராவது அதில் இருப்பார். வெள்ளவத்தையில் அப்படி ஒருவர் இல்லாத தொடர்மாடியை நான் பார்த்ததில்லை. எங்கள் பெரியம்மா நாளும் காலை ஆறு மணிக்கு ஒரு தாமரைப்பூப் படம் போடுவார். ஒருநாள் ஏழரை ஆகியும் பூ வராததால்தான் கீழ்வீட்டுப் பிள்ளை போய்க் கதவைத் தட்டியது. காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். ஆர்க்கைவில் போட்டாலும் காலையில் ஒருதரம் திறந்து, உங்கள் மாடியில் யாருடைய பூ வரவில்லை என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.