வருடம் 5 சதவீதம்: எதன் மீது, எந்தத் தேதியிலிருந்து?

“மதுரையில் என் கடையை மாதம் 30,000 ரூபாய்க்கு ஐந்து வருடத்துக்கு விடுகிறேன். 2026 ஏப்ரல் 1 அன்று சாவி கொடுக்கிறேன். உள்வேலை செய்ய முதல் இரண்டு மாதம் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ‘ஆண்டுதோறும் வாடகை 5 சதவீதம் உயர்த்தப்படும்’ என்று எழுதினால் போதுமா?”

போதாது. 5 சதவீதம் எதன் மீது என்று அந்த வரியில் இல்லை. முதல் வாடகையின் மீது என்றால் வருடத்துக்கு 1,500 ரூபாய்தான் கூடும். ஐந்தாம் வருட வாடகை 36,000. முந்தைய வருட வாடகையின் மீது என்றால் 36,465. இரண்டாம் வருடம் இரு கணக்கிலும் 31,500தான் வரும் என்பதால் சண்டை மூன்றாம் வருடம்தான் தெரியவரும். மொத்த வித்தியாசம் 9,228 ரூபாய்.

இதைவிடப் பெரிய ஓட்டை தேதியில் இருக்கிறது. வருடத்தைச் சாவி கொடுத்த ஏப்ரலிலிருந்து எண்ணுவதா, வாடகை தொடங்கும் ஜூனிலிருந்தா? ஜூன் என்று வைத்தால் நான்கு உயர்வும் இரண்டிரண்டு மாதம் தள்ளிப்போகும். உங்களுக்கு 12,930 ரூபாய் குறையும். பலர் சதவீதத்துக்குப் பேரம் பேசுவார்கள், இதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

அப்புறம், ‘உயர்த்தப்படும்’ என்ற சொல். நோட்டீஸ் வரவில்லை, அதனால் உயரவில்லை என்று வாடகைதாரர் வாதிட அது இடம் கொடுக்கும். நான் இப்படி எழுதுவேன்:

“வாடகைக் காலம் 01.04.2026 முதல் 31.03.2031 வரை. 2026 ஏப்ரல், மே மாதங்களுக்கு வாடகை இல்லை. 01.06.2026 முதல் மாத வாடகை ரூ.30,000. 01.04.2027 தொடங்கி ஒவ்வோர் ஏப்ரல் 1ஆம் தேதியும், அதற்கு முந்தைய நாள் நடப்பிலிருந்த மாத வாடகையின் மீது 5 சதவீதம், தனி அறிவிப்பு இல்லாமலே கூடும். 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாயாகக் கொள்ளப்படும், குறைந்தால் விடப்படும். இதன்படி மாத வாடகை 01.04.2027 முதல் ரூ.31,500; 01.04.2028 முதல் ரூ.33,075, 01.04.2029 முதல் ரூ.34,729, 01.04.2030 முதல் ரூ.36,465. கணக்கில் முரண் எழுந்தால் இத்தொகைகளே செல்லும். ஜிஎஸ்டி பொருந்தினால் அது தனி.”

தொகைகளை எழுதி வைப்பதுதான் இதில் உயிர். கால்குலேட்டர் தேவைப்படாத ஒப்பந்தத்தில் சண்டை குறைவு. 2029க்கு வருவது 34,728.75, முழு ரூபாய் விதி இல்லையென்றால் அந்த 75 காசு மாதாமாதம் ரசீதில் உறுத்தும்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை உயர்வும் ஒப்பந்தத்தில் சொன்னபடிதான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். சரி, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதாதா என்பீர்கள். போதாது. பதியாத பத்திரத்தில் உள்ள உயர்வு நிபந்தனையைக் காட்டி நீதிமன்றத்தில் பாக்கி கேட்பது கடினம்.