மேனேஜரை Bcc-யில் போடலாமா?

அன்புள்ள ஐயா,

வெள்ளிக்கிழமை தர வேண்டிய வேலை புதன்கிழமைக்குத் தள்ளிப்போகிறது என்று கிளையன்ட்டுக்கு நானே மெயில் எழுத வேண்டும். மேனேஜருக்கும் டீமில் உள்ள 12 பேருக்கும் விஷயம் தெரிய வேண்டும். மேனேஜரை Bcc-யில் போட்டுவிடு, கிளையன்ட்டுக்குத் தெரியாது என்கிறார் கூட வேலை செய்பவர். அப்படிச் செய்யலாமா?

வி., கோயம்புத்தூர்

அன்புள்ள வி.,

வேண்டாம். Bcc-யில் இருப்பவரின் முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த மறைப்பு நீங்கள் அனுப்பும் அந்த ஒரு மெயிலுக்கு மட்டும்தான். உங்கள் மேனேஜர் அதை அவசரமாக மொபைலில் திறந்து, "புதன்கூட சந்தேகம்தானே?" என்று ரிப்ளை ஆல் கொடுத்தால் அது நேராகக் கிளையன்ட்டிடம் போய் நிற்கும். வேலை தாமதமாவதைப் பொறுத்துக்கொள்கிற கிளையன்ட்கூட, தனக்குத் தெரியாமல் ஒருவர் படித்துக்கொண்டிருந்ததைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். இன்னொரு சிக்கலும் உண்டு. கிளையன்ட் அனுப்பும் பதில் Bcc-யில் இருந்தவருக்குப் போகாது. நீங்கள் எழுதியதைப் பார்த்த மேனேஜருக்கு, கிளையன்ட் கோபமாக எழுதிய பதில் தெரியாமலே போய்விடும்.

இந்தப் பேச்சு முடியும்வரை மேனேஜர் கூடவே இருக்க வேண்டுமென்றால் வெளிப்படையாக Cc-யில் போடுங்கள். ஏன் சேர்த்தீர்கள் என்று மெயிலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "புதிய தேதியை உறுதி செய்பவர் என்பதால் எங்கள் மேனேஜரையும் சேர்த்திருக்கிறேன்." அந்த வரி இல்லாவிட்டால், முக்கியமாக நடுவில் சேர்க்கும்போது, தன்மேல் புகார் போயிருக்கிறது என்று கிளையன்ட் நினைக்கக்கூடும். மேனேஜருக்குத் தகவல் தெரிந்தால் போதும் என்றால், முதலில் கிளையன்ட்டுக்கு அனுப்பிவிட்டு, Sent-இல் இருந்து அதையே அவருக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். அவர் எப்படிப் பதில் போட்டாலும் உங்களுக்கு மட்டும்தான் வரும்.

To-வில், புதிய தேதிக்குச் சரி சொல்ல வேண்டியவர் மட்டும் இருக்கட்டும். கிளையன்ட் பக்கம் இருவரை To-வில் போட்டால், அவர் பதில் சொல்வார் என்று இவரும், இவர் சொல்வார் என்று அவரும் விட்டுவிடுவார்கள். இருவரும் தேவை என்றால் யாரிடம் என்ன கேட்கிறீர்கள் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

டீமை இந்த மெயிலில் சேர்க்கவே வேண்டாம். அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள். தேதி மாறியதால் யாருக்கு வேலை மாறுகிறதோ அவர்கள் To-வில், கூடவே கவனிக்க வேண்டியவர்கள் Cc-யில். யாரும் பதில் சொல்லத் தேவையில்லாத வெறும் அறிவிப்பு என்றால் அப்போதுதான் Bcc உதவும். To-வில் உங்கள் முகவரி, Bcc-யில் எல்லோரும், முதல் வரியில் "இது டீமில் உள்ள எல்லோருக்கும்" என்ற அறிவிப்பு. யாராவது ரிப்ளை ஆல் கொடுத்து "ஓகே" என்றாலும் அது மற்ற 11 பேரின் இன்பாக்ஸுக்குப் போகாது.

அப்புறம், தேதி முடிவாகி மேனேஜர் விலகிக்கொள்ளலாம் என்ற கட்டம் வந்தால், "அவரை Bcc-க்கு மாற்றிவிட்டேன்" என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதி அவரை Cc-யிலிருந்து Bcc-க்கு நகர்த்துங்கள். அந்த மெயில் அவருக்கும் போகும், அதற்கு வரும் பதில்கள் போகாது.