குன்னூரில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வராதது ஏன்?

"மொட்டைமாடில குச்சி நட்டுப் பார்த்தேன், நிழல் 12:23-க்குத்தான் ரொம்பக் குட்டையாகுது. என் கடிகாரம் தப்பா?"

கடிகாரம் சரி. அது காட்டுவது குன்னூர் நேரமே இல்லை, உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம், நாடு முழுவதற்கும் அதுதான் பொது. அதற்கு நாம் 5.7 பாகை மேற்கே இருக்கிறோம், பாகைக்கு 4 நிமிடம், உங்கள் 23 நிமிடம் வந்துவிட்டது.

அருணாசலத்தின் கிழக்கு முனையில் சூரியன் நம்மைவிடச் சுமார் 80 நிமிடம் முன்னாலேயே உச்சிக்கு வந்துவிடும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் 'பாகான் நேரம்' இதனால்தான். அதற்காக நாட்டையே இரண்டு நேர மண்டலமாகப் பிரித்தால் எல்லை தாண்டும் ஒவ்வொரு ரயிலுக்கும் மணி மாற்ற வேண்டும், ஒரு இடத்தில் பிசகினாலும் ஆபத்து.

பிப்ரவரி நடுவில் மறுபடி அளந்து பாருங்கள், 12:37 வரும். நவம்பர் தொடக்கத்தில் 12:06. அப்போதும் கடிகாரத்தைத் திருகாதீர்கள், பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு, அந்த வித்தியாசம்தான் அது.