டாக்கிமீட்டர் 240 காட்டினால்

"பஸ்ஸில் போகும்போது வாட்ச்சின் ஸ்டாப்வாட்ச் பொத்தானை ஒரு கிலோமீட்டர் கல்லில் அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்தினேன். வேகம் காட்டும் டாக்கிமீட்டர் அளவில் வினாடி முள் 240-இல் நிற்கிறது. பஸ் 50-ஐக்கூடத் தாண்டவில்லை. வாட்ச் கோளாறா?"

வாட்ச் சரியாகத்தான் இருக்கிறது. நிமிடங்களை எண்ணும் சின்ன வட்டத்தைப் பாருங்கள், அது 1 காட்டும். அதாவது முள் ஒரு சுற்று முடித்து, மேலும் 15 வினாடி ஓடியிருக்கிறது. முகப்பைச் சுற்றியுள்ள பெசல் வளையத்தில் இருப்பது 3600-ஐ வினாடியால் வகுத்த எண்தான். 15 வினாடிக்கு நேரே 240 இருக்கும். உங்களுக்கு ஆனதோ 75 வினாடி, 3600-ஐ 75-ஆல் வகுத்தால் 48. பஸ்ஸின் வேகம் அதுதான்.

ஒரு கிலோமீட்டரை 60 வினாடிக்குள் கடந்தால் மட்டுமே அந்த எண்ணை அப்படியே படிக்கலாம். மெதுவாகப் போகும்போது தூரத்தைக் குறையுங்கள். நெடுஞ்சாலையில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருந்தால் ரொம்ப வசதி. ஒரு கல்லில் அழுத்தி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததில் நிறுத்துங்கள், 400 மீட்டர். இதே வேகத்தில் 30 வினாடி ஆகும், முள் 120-இல் நிற்கும். அதை 0.4-ஆல் பெருக்கினால் அதே 48.

ஆனால் தூரம் குறையக் குறைய விரல் தாமதம் பெரிதாகத் தெரியும். 30 வினாடியில் ஒரு வினாடி பிந்தினாலே 48 என்பது 46 சொச்சமாகிவிடும். அப்புறம், நடுவில் பிரேக் போட்டால் கிடைப்பது சராசரி வேகம்தான்.