நிலா முகமும் வெறும் வலையும்

அன்புள்ள ஐயா,

குளச்சலில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கவிதை வாசித்தேன்.

முழு நிலா உன் முகம்.
நீ சிரித்த இரவில்
வலையைக் கண்டு விலகின மீன்கள்.
வானத்துத் தேவதையே, நீ வாழி.

‘நிலா முகமா, இன்னுமா?’ என்று ஒரு நண்பர் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். பழைய உவமை என்றாலே தள்ளிவிட வேண்டுமா?

ரா., குளச்சல்

அன்புள்ள ரா.,

நண்பர் அவசரப்பட்டுவிட்டார். முதல் வரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த நிலாவை வைத்துக்கொண்டு கவிஞர் அடுத்து என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

குறளில் ‘நலம்புனைந்துரைத்தல்’ அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1117ஆம் குறளில் காதலன், தேய்ந்து நிறையும் மதிக்கு இருப்பதுபோல இவள் முகத்தில் மறு உண்டோ என்று கேட்கிறான். இதுவும் திருப்பம்தான். ஆனால் ஒப்பிட்டுவிட்டு, பிறகு வேறுபடுத்தி உயர்த்துவதற்கு அணியிலக்கணத்தில் வேற்றுமையணி என்று இடமே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்று ‘நிலவில் களங்கம், உன்னில் இல்லை’ என்று எழுதினால் அதுவும் தேய்ந்த தடம்தான்.

1119 வேறு வகை:

மலரன்ன கண்ணாள் முகமொத்தி யாயின்
பலர்காணத் தோன்றல் மதி

அவள் முகத்தை ஒத்திருக்க வேண்டுமென்றால், பலர் காணும்படி தோன்றாதே என்று மதிக்கே கட்டளை. நிலாவின் அழகை விட்டுவிட்டு, ஊரே அண்ணாந்து பார்க்கும் பொருள் அது என்ற இயல்பைப் பிடித்துக்கொள்கிறார். நிலாவை எடுத்துவிட்டுத் தாமரையை வைத்துப் பாருங்கள், கட்டளை நொண்டும். அவளைப் பற்றிச் சொல்ல வந்த வரி, பேசுகிறவனின் பொறாமையையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்னொன்று, ‘மலரன்ன கண்ணாள்’ பழைய சரக்கேதான். வள்ளுவர் அதைத் தொடவே இல்லை. பாரம் அதன்மேல் இல்லாததால் உறுத்தவும் இல்லை.

உங்கள் கவிதைக்கும் இதே சோதனை. நிலாக்காலத்தில் வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டு விலகும், மீன்பாடு குறையும் என்பது கடற்கரையில் யாவரும் அறிந்தது. உங்கள் மூன்றாம் வரி அதன்மேல் நிற்கிறது. அங்கே தாமரை செல்லாது. அவள் சிரிப்பால் பிழைப்புக் கெட்டவன் புகார் சொல்கிறானா, கொஞ்சுகிறானா என்று பிரித்தறிய முடியவில்லை. உவமை புதிதாகிவிட்டது.

நான்காம் வரிதான் சிக்கல். தேவதை எந்தக் கடற்கரைக்கும் பொருந்துவாள். அவள் நடுவே வந்திருந்தால் மன்னித்திருக்கலாம், பாரம் முழுவதும் விழும் கடைசி வரியில் வந்து மீனவனை அப்புறப்படுத்திவிட்டாள். அடித்துவிடுங்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சித்திரா பௌர்ணமி மாலையில் குமரிக் கடற்கரையில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் சேர்ந்து பார்க்கலாம். உடனே இரண்டையும் காதலியின் இரு கண்களாக்கிவிடுகிறார்கள். அந்த வியப்பு ஊர் கொடுத்தது, கவிஞர் அதில் எதுவும் சேர்க்கவில்லை. உங்கள் மூன்றாம் வரியில் நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். நண்பரிடம் முதல் மூன்று வரிகளை மட்டும் மறுபடி வாசித்துக் காட்டுங்கள்.